அம்மா ஏன் பள்ளத்துல விழுந்தாங்க: பழைய டிவி கேமும் புது டிவியும்

போன மாசம் ஊருக்குப் போனப்ப பரண்ல இருந்து பழைய 8 பிட் டிவி கேமை இறக்கினேன். நம்ம ஊர்ல நிறைய பேர் வீட்ல இருந்த அதே மஞ்சள் கேசட் ஐட்டம்தான், நின்டெண்டோ ஃபேமிகாமோட நகல். சின்ன வயசுல மரியோல எங்க அம்மாவை நான் ஜெயிச்சதே கிடையாது. இப்போ புது எல்இடி டிவில போட்டுக் குடுத்தா, முதல் பள்ளத்துலயே மூணு தடவை விழுந்தாங்க. "வயசாயிடுச்சுடா, கை வரமாட்டேங்குது"ன்னு ரிமோட்டை எடுத்து சீரியலுக்கு மாத்திட்டாங்க. எனக்கு சந்தேகம் டிவி மேலதான்.

முதல்ல கனெக்‌ஷன். இந்தப் பெட்டியில ரெண்டு வழி உண்டு. ஒண்ணு ஆன்டெனா வயர். படம், சத்தம் ரெண்டையும் ஒரு டிவி சேனல் மாதிரி அனுப்பும், டிவில அனலாக் ட்யூனிங் போட்டுத் தேடணும், படத்துல புள்ளி புள்ளியா வரும். இன்னொண்ணு மஞ்சள் பின், அதாவது காம்போசிட். அது இருந்தா ஆன்டெனா பக்கமே போகாதீங்க. புது டிவி பலதுல மஞ்சள் சாக்கெட் தனியா இருக்காது, பச்சை சாக்கெட்லயே சொருகணும். படம் கறுப்பு வெள்ளையா வந்தா பயப்படாதீங்க. முதல்ல டிவி மெனுல இன்புட் 'Component'ல நிக்குதான்னு பாருங்க, 'AV'க்கு மாத்தினா பெரும்பாலும் கலர் வந்துடும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். அந்தக் கால டிவி சேனல்கள் ஒரு படத்தை ரெண்டு பாதியா அனுப்பும். ஒற்றைப்படைக் கோடுகள் முதல்ல, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்து. கேம் பெட்டி அப்படிப் பண்றதில்ல. ஒவ்வொரு தடவையும் 240 கோட்டுல ஒரு முழுப் படத்தையே, அதே கோடுகள் மேலயே வரையும். பழைய குண்டு டிவி வந்ததை வந்தபடி வரைஞ்சுட்டுப் போயிடும். புது டிவியோ "ஓ, இது பாதிப் படம் போல, மீதி வரட்டும்"னு காத்திருந்து, ரெண்டையும் சேர்த்துத் தைக்கப் பார்க்கும். இந்தக் காத்திருப்புதான் லேக்.

உங்க டிவி இப்படிப் பண்ணுதான்னு கண்டுபிடிக்க ஒரு ஈஸியான வழி இருக்கு. பெரிய மரியோ அடி வாங்கினதும் கொஞ்ச நேரம் மின்னுவான் இல்லையா? அப்போ கேம் அவனை ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம்தான் வரையுது. டிவி தப்பாத் தைச்சா, மின்னுறதுக்குப் பதிலா சீப்புப் பல் மாதிரி கோடு கோடா தெரிவான், இல்ல மொத்தமா காணாமப் போவான்.

லேக் எவ்வளவுன்னு அளக்க ஃபோனே போதும். விநாடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கிற ஸ்லோ மோஷன்ல, பட்டனும் டிவியும் ஒண்ணாத் தெரியுற மாதிரி பிடிங்க. கட்டைவிரல் அழுத்தின ஃப்ரேம்ல இருந்து மரியோ எழும்புற ஃப்ரேம் வரைக்கும் எண்ணுங்க. ஒரு ஃப்ரேம் 4.2 மில்லிசெகண்ட். பத்து தடவை எடுத்து சராசரி பாருங்க, ஒரே தடவை எடுத்தா ஏமாத்தும்.

பக்கத்து வீட்டுக் குண்டு டிவில எனக்கு வந்தது 10 ஃப்ரேம், 42 மில்லிசெகண்ட். அது பெட்டியும் கேமும் எடுத்துக்கிற நேரம். எங்க எல்இடில 34 ஃப்ரேம், 142. ஆக டிவி மட்டும் தின்னது 100 மில்லிசெகண்ட். மரியோ ஓடிட்டு இருக்கும்போது, பள்ளத்தோட விளிம்புல அழுத்தினா பள்ளத்துக்குள்ளதான் குதிப்பான்! கேம் மோட் போட்டதும் 24-க்கு இறங்குச்சு. காசு செலவில்லாத வேலை, முதல்ல இதைப் பண்ணுங்க.

அடுத்து ஆன்லைன்ல மலிவா ஒரு ஏவி டு எச்டிஎம்ஐ டப்பா வாங்கினேன். வேஸ்ட். 32 ஃப்ரேம். டிவி பண்ற அதே தப்பை அந்த டப்பாவும் உள்ளே பண்ணுது. கேம் சிக்னலை பாதிப் படம்னே நினைச்சுக்குது.

ரெட்ரோடிங்க் 2எக்ஸ் மாதிரி கருவி வேற விதம். அது முழு ஃப்ரேமுக்காகக் காத்திருக்காது. வர்ற ஒவ்வொரு கோட்டையும் ரெண்டு தடவை அனுப்பிடும், அவ்வளவுதான். ஒரு கோடுங்கிறது 64 மைக்ரோசெகண்ட், கைக்குத் தெரியவே தெரியாது. நண்பர்கிட்ட கடன் வாங்கிப் போட்டேன், கேம் மோடோட சேர்த்து 14 ஃப்ரேம். ஆனா விலை அதிகம், படமும் ஷார்ப்பா மாறாது, ஏன்னா காம்போசிட்ல கலர் ஏற்கனவே கலங்கித்தான் வருது. ஓஎஸ்எஸ்சினு இன்னொண்ணு பிரபலம், அதுல காம்போசிட் நேரடியா ஏறாது, பார்த்து வாங்குங்க.

வாத்து சுடுற துப்பாக்கி? அதுக்கு எந்த அப்ஸ்கேலரும் உதவாது. குண்டு டிவி திரை ஒளிர்ற விதத்தையும் அந்த நேரத்தையும் நம்பித்தான் அந்தத் துப்பாக்கியைச் செஞ்சிருக்காங்க.

அந்த 14 ஃப்ரேம் செட்டப்லதான் அம்மாவை மறுபடி உட்கார வச்சேன். பள்ளம் தாண்டினாங்க, பைப்புக்குள்ள போனாங்க, நாலாவது உலகம் வரைக்கும் எனக்கு ரிமோட்டே குடுக்கல.