கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் விழுகிறதா? தப்பு போல்ட்டில் இல்லை!

நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு காலை ஏழு மணிக்கு ரூமுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுத் தூங்கலாம் என்று போனால், டவர் போல்ட் நாதாங்கிக்குள் போகாமல் அடம்பிடிக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வாடகை ரூமில் இருப்பவர்களுக்கு, அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், இது பழகிப்போன கதை. ஒரு கையால் கதவைத் தூக்கி, இன்னொரு கையால் போல்ட்டைத் தள்ளி எப்படியோ பூட்டிவிடுவோம். ஒருநாள் நாதாங்கி ஸ்க்ரூவோடு கையில் வந்துவிடும். அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு!

முதலில் கதவு என்ன சொல்கிறது?

புது போல்ட் வாங்குவதற்கு முன்னால், இப்போது எப்படிப் பூட்டுகிறீர்கள் என்று கவனியுங்கள். கதவைத் தூக்கினால்தான் பூட்ட முடிகிறது என்றால், மேல் கீல் தளர்ந்து கதவு தொங்கிவிட்டது. தோளால் அழுத்தினால்தான் முடிகிறது என்றால், மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கலாம், இல்லையென்றால் நாதாங்கி ரொம்ப உள்ளே தள்ளி இருக்கிறது. பூட்டிய பிறகும் கதவு ‘டக டக’ என்று ஆடினால், நாதாங்கி உங்கள் பக்கமாக விலகி இருக்கிறது.

கீலைச் சரி செய்யாமல் போல்ட்டைத் தொடாதீர்கள்

தொங்குகிற கதவுக்கு அளவெடுத்து நாதாங்கி அடித்தால், கதவு இன்னும் கொஞ்சம் இறங்கியதும் மறுபடி பழைய கதைதான். கதவின் கைப்பிடி பக்கத்து அடி மூலையில் மடித்த அட்டையைச் சொருகி, மேலே இருக்கும் இடைவெளி சமமாகும் வரை தூக்குங்கள். பிறகு மேல் கீலின் ஸ்க்ரூக்களை முறுக்குங்கள். ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறதா? ஓட்டை பெரிதாகிவிட்டது. அதைக் கழற்றி, மூங்கில் குச்சிகளை மரப் பசையில் தோய்த்து ஓட்டை நிறையச் சொருகி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு மறுபடி முறுக்கினால் நன்றாகப் பிடிக்கும்.

போல்ட்டே அளவு சொல்லும்

நம் ரூமில் 30 மி.மீ. கனமுள்ள கதவு, அதற்கு 6 இன்ச் டவர் போல்ட் என்று வைத்துக்கொள்வோம். கதவின் உள்பக்கம், மேலே, கீலுக்கு எதிர்ப்பக்க ஓரத்தில், கனமான சட்டத்தின் மேல் போல்ட்டை நேராக வையுங்கள். நடுவில் இருக்கும் மெல்லிய பலகையில் வேண்டாம். ஓட்டைகளை பென்சிலால் குறித்து, ஸ்க்ரூவைவிட மெல்லிய டிரில் பிட்டால் துளை போடுங்கள். டிரில் இல்லையா? மெல்லிய ஆணியைப் பாதி அடித்துப் பிடுங்கினாலே போதும். துளை இல்லாமல் ஓரத்தில் ஸ்க்ரூ முறுக்கினால் மரம் பிளந்துவிடும். இந்தக் கதவுக்கு 25 மி.மீ. ஸ்க்ரூ போதும், நீளமானது வெளியே எட்டிப் பார்க்கும்.

இப்போதுதான் முக்கியமான வேலை. நாதாங்கிக்கு டேப் வைத்து அளக்காதீர்கள். கதவை முழுக்கச் சாத்தி, கம்பியை நிலையின் மேல் தள்ளுங்கள். கம்பியின் மேல் நாதாங்கியை மாட்டி, அப்படியே வைத்து ஓட்டைகளைக் குறியுங்கள். கதவைவிட நிலை உள்வாங்கி இருந்தால், நாதாங்கிக்கு அடியில் மெல்லிய பிளைவுட் துண்டு வைத்து லெவல் செய்யுங்கள். முதலில் ஒரே ஒரு ஸ்க்ரூ போட்டு, பத்து தடவை திறந்து மூடிப் பாருங்கள். ஒரு விரலால் தள்ளினாலே கம்பி போனால், மீதி ஸ்க்ரூக்களையும் போடலாம்.

பக்கவாட்டில் ஓடும் லாட்ச்சுக்கும் இதே முறைதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கதவு 3 மி.மீ. இறங்கினாலே போதும், லாட்ச் கம்பி நேராக நாதாங்கியின் அடி விளிம்பில் போய் முட்டலாம். அதனால் கீல் வேலை முடிந்து, இரண்டு நாள் கதவைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு லாட்ச்சைப் பொருத்துவது நல்லது.

நிலைப் பக்கம்தான் பலம்

வெளியிலிருந்து யாராவது உதைத்தால், அந்த அடியைத் தாங்குவது போல்ட் கம்பி மட்டுமல்ல, நாதாங்கியின் ஸ்க்ரூக்களும்தான். கதவுக்கு நீளமான ஸ்க்ரூ போட முடியாது. ஆனால் மர நிலை கனமானது என்பதால், நாதாங்கிக்கு 40 மி.மீ. ஸ்க்ரூ போடலாம். துளை மட்டும் ஆழமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மழைக்காலத்தில் கதவு இறுகுகிறது என்று உடனே இழைத்துவிடாதீர்கள். மரம் அகலவாக்கில்தான் ஊதும்; தை, மாசியில் காய்ந்து பழையபடி சுருங்கும். அப்போதும் இடிக்கிறது என்றால் மட்டும் இழைக்கலாம். வாடகை ரூம் என்றால், துளை போடுவதற்கு முன் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்!