கேக்கை மூட எவ்வளவு கனாஷ்?

கனாஷ் என்பது கிரீமும் சாக்லேட்டும் கலந்த கலவை, அவ்வளவுதான். இந்த இரண்டே பொருள்களை வைத்துக்கொண்டு கேக்கின் ஓரத்தில் வழியும் சாஸும் செய்யலாம், கத்தி வைத்து வெட்டும் அளவுக்குக் கெட்டியான பூச்சும் செய்யலாம். வித்தியாசம் விகிதத்தில் இருக்கிறது. அந்த விகிதத்தை எடையால்தான் பார்க்க வேண்டும். ஒரு கப் சாக்லேட் என்றால், துண்டுகள் பெரிதா பொடியா என்பதைப் பொறுத்து அளவு மாறிவிடும். தராசு மாறாது.

கிரீமில் பாதிக்கு மேல் தண்ணீர். சாக்லேட்டில் இருப்பது கோகோ வெண்ணெய். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல, ஆறினால் அது இறுகும். ஆகவே சாக்லேட் கூடினால் கனாஷ் கெட்டிப்படும், கிரீம் கூடினால் இளகும். 50 முதல் 60% கோகோ உள்ள டார்க் சாக்லேட்டுக்கு விகிதம் இப்படி:

- 1 பங்கு சாக்லேட், 1 பங்கு கிரீம்: வெதுவெதுப்பாக ஊற்றினால் ஓரத்தில் வழியும், ஆறினால் அடுக்குகளுக்கு நடுவே வைக்கும் மென்மையான பூரணம்.
- 2 பங்கு சாக்லேட், 1 பங்கு கிரீம்: கேக்கின் மேலும் பக்கங்களிலும் பூச, கூர்மையான விளிம்பு எடுக்க.

மில்க் சாக்லேட்டிலும் ஒயிட் சாக்லேட்டிலும் பால் கொழுப்பு சேர்ந்து கோகோ வெண்ணெயை இளக்கிவிடுகிறது. அதனால் பூசுவதற்கு மில்க் என்றால் 2.5 பங்கும், ஒயிட் என்றால் 3 பங்கும் சாக்லேட் வேண்டும். 70% டார்க் சாக்லேட்டுக்கு இது தலைகீழ்: 2 பங்கு போட்டால் கல்போல் இறுகும், எண்ணெயும் பிரியலாம். அதற்கு ஒன்றரைப் பங்கு போதும்.

இனி அளவு. 20 செ.மீ. (8 அங்குல) விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள வட்டக் கேக்கை எடுத்துக்கொள்வோம். பக்கச் சுற்று 3.14 × 20 × 10, அதாவது 628 சதுர செ.மீ. மேல்பரப்பு 314. மொத்தம் 942. பூச்சு அரை செ.மீ. தடிமன் என்றால் 471 கன செ.மீ. கனாஷ் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது, 1.15 ஆல் பெருக்கினால் சுமார் 540 கிராம். கிண்ணத்திலும் கத்தியிலும் ஒட்டிப்போவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 600 கிராம்.

அதை விகிதத்தால் பிரியுங்கள். 2:1 என்றால் மொத்தம் 3 பங்கு, ஒரு பங்கு 200 கிராம். ஆகவே சாக்லேட் 400, கிரீம் 200. ஒயிட் சாக்லேட் என்றால் 4 பங்கு: 450 கிராமும் 150 கிராமும். இதே உயரத்தில் 6 அங்குலக் கேக்குக்கு மொத்தம் 420 கிராம், 10 அங்குலத்துக்கு 810 கிராம் ஆகும். சதுரக் கேக் என்றால், அதே அகலமுள்ள வட்டத்தின் அளவை 1.27 ஆல் பெருக்குங்கள். நடு அடுக்குகளுக்கு வைக்கும் பூரணம் இதில் சேராது.

இந்தக் கணக்கு 35% கொழுப்புள்ள கிரீமுக்கானது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் பெரும்பாலும் 25% தான், தண்ணீர் அதிகம். அதை வாங்கினால் 600 கிராமை 420 சாக்லேட், 180 கிரீம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கோகோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும். ஏசி இல்லாத அறையில், சென்னைக் கோடையில் கேக் நிற்க வேண்டுமென்றால் டார்க் சாக்லேட்டையும் 2.5 பங்காக உயர்த்துவது நல்லது.

2:1 கலவையில் கிரீம் குறைவு என்பதால் அதன் சூடு மட்டும் சாக்லேட் முழுவதையும் உருக்காது. பொடியாக நறுக்கிய சாக்லேட்டைப் பாதி உருக்கிக்கொண்டு, ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கிய கிரீமை ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு, நடுவிலிருந்து மெதுவாகக் கலக்குங்கள். மேலே எண்ணெய் மினுங்கி, கலவை மணல்மணலாகத் தெரிந்தால் அது பிரிந்துவிட்டது. வெதுவெதுப்பான பாலை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கலக்கினால் சேர்ந்துவிடும்.

பூசும் முன் ஒரு ஸ்பூன் கனாஷைத் தட்டில் தடவி, பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, வெளியே எடுத்து அறைச் சூட்டில் அரைமணி விடுங்கள். விரல் பட்டதும் குழைந்தால் சாக்லேட் போதவில்லை. 400க்கு 200 போட்ட கலவையில் இன்னும் 100 கிராம் சாக்லேட்டை உருக்கிச் சேர்த்தால் விகிதம் 2.5 ஆகும். கத்தி இழுக்கும்போது வெடித்தால், சூடான கிரீம் ஒரு ஸ்பூன் சேர்த்துப் பாருங்கள்.