ஞாயிறு தூங்கியும் தீராத களைப்பு

பணிச்சோர்வு பற்றி ஊழியர்களுக்குக் காணொளி எடுப்பவர்கள் பெரும்பாலும் களைப்பை மட்டுமே காட்டுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் மூன்று கூறுகளைச் சொன்னது: தெம்பு வற்றிப்போவது, வேலைமீது கசப்பு, திறமை குறைந்துவிட்டது என்ற உணர்வு. அந்தக் கசப்பைத்தான் பலரும் குணக்கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள்.

வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் ஒரு சக ஊழியரின் கதையையே காட்டலாம். பொறுமையாகப் பேசியவர், இப்போது தொலைபேசி ஒலித்தாலே எரிச்சலடைகிறார். ஞாயிறு முழுக்கத் தூங்கியும் திங்களன்று அதே அசதி. அவர் மேலாளரிடம் "முடியவில்லை" என்று பொதுவாகச் சொல்லவில்லை. இரவு அழைப்புகளை வாரம் ஒருவராகப் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேட்டார். அதுதான் சரியான முதல் அடி. விடுப்பு முடிந்து வரும்போது அதே சுமை காத்திருந்தால் சோர்வும் திரும்பிவிடும்.

வேலைக்கு வெளியேயும் எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.