கீமோ முடிந்த பத்தாம் நாள் காய்ச்சல்

புற்றுநோய்ப் பிரிவுக்குப் புதிதாக வரும் நர்ஸுகளுக்குத் தரப்படும் பாடக்குறிப்பில் காய்ச்சலுக்கு என்று தனி இடம் உண்டு. மற்ற வார்டுகளில் லேசான காய்ச்சல் என்றால் சார்ட்டில் குறித்து, ஒரு மாத்திரை கொடுத்து, காலை ரவுண்டில் டாக்டரிடம் சொன்னால் பெரும்பாலும் போதும். கீமோ எடுத்துக்கொண்டவருக்கு அப்படிச் செய்தால் விடிவதற்குள் ரத்த அழுத்தம் சரிந்து ஐ.சி.யு.வில் கிடப்பார்.

காரணம் நியூட்ரோபில் எனப்படும் வெள்ளையணு. கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிப் போய் அதை விழுங்குவது இதுதான். இது ரத்தத்தில் சுமார் ஒரு நாள்தான் தங்கும். எலும்பு மஜ்ஜை தினமும் புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் கீமோ, மஜ்ஜையையும் சேர்த்தே அடக்கிவிடுகிறது. பல மருந்துகளில், ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு வந்து, பிறகு மெல்ல ஏறும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 1,500க்குக் குறைந்தாலே குறைவுதான். 500க்குக் கீழே போனால் ஆபத்து. எண்ணிக்கை எவ்வளவு இறங்குகிறது, எத்தனை நாள் அப்படியே கிடக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தே தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை 1966இல் ஜெரால்ட் போடியும் அவரது சகாக்களும் ரத்தப் புற்றுநோயாளிகளிடம் காட்டினார்கள். இன்றைய விதிகளுக்கு அடித்தளம் அந்த ஆய்வுதான்.

நர்ஸுகள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது ஒன்று உண்டு. சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோபில்கள்தான். அவை இல்லாதபோது சீழ் பிடிக்காது. நுரையீரலில் தொற்று இருந்தும் எக்ஸ்ரே தெளிவாக வரலாம். சிறுநீரில் கிருமி இருக்கும், சீழ் செல்கள் இருக்காது. ஊசி குத்திய இடம் லேசாகச் சிவந்திருக்கும், அவ்வளவுதான். பல சமயம் தெர்மாமீட்டர் காட்டும் எண் மட்டுமே ஒரே தடயம். அதையும் பாரசிட்டமால் போட்டு மறைத்துவிட்டால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். 46 வயதுப் பெண், மார்பகப் புற்றுநோய், மூன்றாவது கீமோ முடிந்து பத்தாவது நாள். இரவு எட்டு மணிக்கு உடம்பு சிலிர்த்தது. நாக்கின் அடியில் வைத்துப் பார்த்தால் 100.6. சாப்பிட்டார், டி.வி. பார்த்தார், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் படு, காலையில பாத்துக்கலாம்" என்றார் கணவர். "சிஸ்டர் என்ன சொன்னாங்க? மாத்திரைக்கு முன்னாடி போன்னு சொல்லலையா? போடுங்க" என்றார் மனைவி. ஒன்பது மணிக்கு மறுபடி பார்த்தபோது 100.8.

விதி இதுதான்: வாயில் பார்க்கும்போது ஒரே ஒரு முறை 101 ஃபாரன்ஹீட் வந்தாலும் காய்ச்சல். 100.4 அல்லது அதற்கு மேல் ஒரு மணி நேரம் நின்றாலும் காய்ச்சல். அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பு டாக்டர்களின் கணக்கு. வீட்டில் இருப்பவர்கள் 100.4ஐப் பார்த்த உடனே போன் செய்துவிடுவது நல்லது. அக்குளில் பார்த்தால் எண் குறைவாகவே காட்டும், ஆகவே எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கேஷுவாலிட்டியில் இவர் நடந்துதான் வந்தார். வரிசையில் உட்காரவைக்க இதுவே காரணமாகிவிடும், பார்க்க நன்றாக இருக்கிறாரே என்று. "கீமோ போட்டு பத்து நாள், காய்ச்சல்" என்ற வார்த்தைகளை முதலில் சொன்னதால் உள்ளே கூட்டிப் போனார்கள். நாடித்துடிப்பு 112, மூச்சு நிமிடத்துக்கு 22, ரத்த அழுத்தம் 100க்கு 64. ரத்தம் எடுத்தார்கள்: பிளட் கல்ச்சருக்காக நெஞ்சில் பதித்த போர்ட்டிலிருந்து ஒரு செட், கை நரம்பிலிருந்து ஒரு செட். கையோடு பிப்பராசிலின்-டாசோபாக்டம் ஏற்ற ஆரம்பித்தார்கள். வாசலில் நுழைந்ததிலிருந்து முதல் டோஸ் உள்ளே போக 60 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. தாமதம் ஆவது பெரும்பாலும் இங்கேதான். ரத்த ரிப்போர்ட் வரட்டும், எக்ஸ்ரே எடுக்கட்டும், வார்டில் பெட் கிடைக்கட்டும் என்று ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப்போடுவார்கள்.

ரிப்போர்ட் பிறகு வந்தது. டோட்டல் கவுண்ட் 1,200. அதில் நியூட்ரோபில் 30 சதவீதம், முழுதாக முதிராத இளம் நியூட்ரோபில் 2 சதவீதம். இரண்டையும் கூட்டி 1,200ஐப் பெருக்கி 100ஆல் வகுத்தால் 384. டோட்டல் கவுண்ட்டை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது புதிய நர்ஸுகள் செய்யும் தவறு. 1,200 என்பதைவிட 384 என்பதுதான் விஷயம். எண்ணிக்கை 600 என்று வந்திருந்தாலும் பத்தாம் நாளில் அது இன்னும் இறங்கக்கூடும் என்பதால் சிகிச்சை அதேதான். ஆபத்துக் குறைவானவர் என்று மதிப்பிட்டால் டாக்டர் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. அந்த முடிவை நோயாளி தானே எடுக்கக்கூடாது.

காய்ச்சலே வராமலும் இது தொடங்கலாம். கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் உடம்பு சூடேறாமல் போகலாம், 96.8க்குக் கீழே குளிர்ந்தும் போகலாம். திடீர்க் குழப்பமான பேச்சு, மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல், நடுக்கம் ஆகியவற்றுக்கு எண் தேவையில்லை, கிளம்ப வேண்டியதுதான்.

இனி முன்னெச்சரிக்கை. நம் ஆட்கள் வெளியிலிருந்து வரும் கிருமிக்குத்தான் பயப்படுகிறார்கள். தொற்றுகளில் பெரும்பகுதி நோயாளியின் சொந்த வாய், குடல், தோலில் வாழும் கிருமிகளால் வருவது. கீமோ வாயையும் குடலையும் புண்ணாக்கும்போது அவை ரத்தத்துக்குள் நுழைகின்றன. அதனால்தான் ஆசனவாய் வழியாக டெம்பரேச்சர் பார்ப்பது, மருந்து வைப்பது, இனிமா கொடுப்பது எல்லாமே இந்த நாட்களில் கூடாது. மலச்சிக்கல் வராமல் பார்க்க வேண்டும். மெல்லிய பிரஷ்ஷால் பல் தேய்த்து, தினமும் வாய்க்குள் வெள்ளைப் படலமோ புண்ணோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலம் கழிக்கும்போது வலித்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்ல வேண்டும். அது பல சமயம் காய்ச்சலுக்கு முன்பே வரும் தடயம்.

சாப்பாட்டு விதிகள் தேவைக்கு மேல் பெருத்துக் கிடக்கின்றன. பச்சைக் காய்கறியும் பழமும் அறவே கூடாது என்று சொன்ன காலம் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அந்தத் தடை தொற்றைக் குறைக்கவில்லை. நன்றாகக் கழுவி, தோல் சீவிச் சாப்பிடலாம், உங்கள் மருத்துவமனை வேறு மாதிரி சொன்னால் அதைக் கேளுங்கள். நேற்று வைத்த குழம்பு, வெளியே விற்கும் சட்னி, காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை ஆகியவை மட்டும் வேண்டாம். பழைய சோறும் எண்ணிக்கை ஏறும்வரை காத்திருக்கட்டும். நலம் விசாரிக்க வருபவர்களைத் தடுப்பதுதான் வீட்டில் கஷ்டம். எல்லோரையும் தடுக்க வேண்டியதில்லை. சளி இருமல் உள்ளவர்களும், கை கழுவாமல் தொடுபவர்களும் வராமல் இருந்தால் போதும்.

அடுத்த சுற்றில் இந்தப் பெண்ணுக்கு வெள்ளையணுவை ஏற்றும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி போடுவார்கள், கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான். அந்த ஊசி போட்டாலும் காய்ச்சல் விதி மாறாது. கீமோ வார்டிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, இரவில் அழைக்க வேண்டிய எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.