ஐந்து பெயர், மூன்று ஊசி

அன்புத் தங்கச்சிக்கு,

தடுப்பூசி அட்டையைப் பார்த்ததும் உனக்குத் தலை சுற்றியதாக உன் மாமியார் சொன்னார். ஒன்றரை மாத வரிசையில் ஐந்து பெயர் இருப்பதால், பச்சைப் பிள்ளைக்கு ஐந்து ஊசியா என்று பயந்திருப்பாய். ஊசி மூன்றுதான். பெண்டாவேலன்ட் இடது தொடையிலும், நிமோனியாவைத் தடுக்கும் பிசிவி வலது தொடையிலும், போலியோவுக்கான ஐபிவி வலது மேல்கையிலும் போடுவோம். போலியோ சொட்டும் ரோட்டாவும் வாயில் கொடுப்பவை. எது எங்கே என்று தெரிந்தால், மறுநாள் இடது தொடை சிவந்து வீங்கியிருக்கும்போது அது பெண்டா போட்ட இடம் என்று உனக்கே புரியும். அங்கே தேய்த்துவிடாதே.

இரண்டரை மாத வரிசையில் ஊசி ஒன்றே ஒன்று, கூடவே இரண்டு வாய்வழி மருந்து. "நர்சம்மா மற்றதை மறந்துட்டாங்க" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். மறக்கவில்லை, அட்டவணையே அப்படித்தான். மூன்றரை மாதத்தில் மறுபடி மூன்று ஊசி வரும்.

இனி தேதிக்கு வருவோம். 'ஒன்றரை மாதம்' என்பது வாய்ப்பழக்கம். கணக்கு 6 வாரம், அதாவது 42 நாள். உன் பாப்பா மார்ச் 7, வெள்ளிக்கிழமை பிறந்தாள். 6 வாரம் ஏப்ரல் 18-ல் நிறைகிறது. நாம் ஊசி போடுவது புதன்கிழமை. 16-ஆம் தேதி வந்தால் இரண்டு நாள் முந்திவிடும், அதனால் 23-ஆம் தேதி வா. அடுத்த தவணைக்கு நடுவில் குறைந்தது 28 நாள் வேண்டும். எனவே மே 21, பிறகு ஜூன் 18.

தாய்வீடு போய்விட்டு மே 21-ஐத் தவறவிட்டாய், ஜூன் 4-ல்தான் வருகிறாய் என்று வைத்துக்கொள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. போட்டது போட்டதுதான், இரண்டாம் தவணை அன்றே போடலாம். ஆனால் மூன்றாவதை ஜூன் 18-லேயே போட்டுவிடுங்கள் என்று கேட்காதே. ஜூன் 4-லிருந்து 28 நாள் எண்ணினால் ஜூலை 2. பின்னால் வருவதைக் கணக்கிடும்போது போட வேண்டியிருந்த தேதியைப் பார்க்காதே, உண்மையில் போட்ட தேதியைப் பார். ஊசி போட்ட அன்றே அந்தத் தேதியை அட்டையில் எழுதி வாங்கிக்கொள். எழுதாமல் விட்டால், அடுத்த முறை வேறொரு செவிலியர் எதை நம்பி எண்ணுவார்?

பிறந்தவுடன் இடது மேல்கையில் போட்ட பிசிஜி சில வாரத்தில் கொப்புளமாகி உடையும். மருந்தோ மஞ்சளோ பூசாதே, தானாக ஆறித் தழும்பாகும்.

மூன்றரை மாதத்துக்கு அப்புறம் அட்டையில் நீண்ட இடைவெளி. முடிந்துவிட்டது என்று பலர் அட்டையைப் பெட்டியில் பூட்டிவிடுவது அங்கேதான். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி இருக்கிறது. உன் பாப்பாவுக்கு அது டிசம்பர் 10, புதன். இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு வை. தாய்வீட்டில் இருந்தால் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம், அட்டை மட்டும் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியர்