நடவு மிஷின் விட்ட இடைவெளி: மறுநடவா, தள்ளுபடியா, பணம் வாபஸா?

டெல்டாவில் குறுவைக்கு மூன்று ஏக்கரில் ஏ.டி.டி.43 போட்ட ஒரு விவசாயி, வாடகை மிஷினில் நடவு செய்தார். நாற்று அவருடையது. தட்டில் வளர்த்த பதினாறு நாள் பாய் நாற்று. மிஷினும் ஓட்டுநரும் பக்கத்து ஊர்க்காரருடையவை. ஏக்கருக்கு 5,000 ரூபாய் பேச்சு. முன்பணம் 5,000 கொடுத்தாயிற்று, பாக்கி 10,000. ஒரே நாளில் நடவு முடிந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் வைக்கப் போன மனைவிதான் முதலில் பார்த்தார். கடைசி ஏக்கரில் சில வரிசைகள் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தன.

பாக்கிப் பணம் கேட்டு மிஷின்காரர் வந்தபோது வரப்பிலேயே பேச்சு தடித்தது. "மிஷின் நடவுன்னா கொஞ்சம் விட்டுத்தாண்ணே போவும். ஐநூறு ரூபா குறைச்சுக்கங்க, அடுத்த போகத்துக்கும் நானே வர்றேன்" என்றார் அவர். கூட வந்த மாமா விடவில்லை. "அந்த ஏக்கருக்கு அஞ்சாயிரமும் கிடையாதுப்பா. பாதி வெத்துக் கொல்லையா கிடக்கு." ஒருவர் தள்ளுபடி சொல்கிறார், இன்னொருவர் முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கிறார். மூன்றாவது வழியான மறுநடவை இருவருமே பேசவில்லை. அதற்குத்தான் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

எதைக் கேட்பது என்று முடிவு செய்யுமுன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். எவ்வளவு விட்டுப் போயிருக்கிறது, யாரால் விட்டுப் போனது. இரண்டையும் அரை மணி நேரத்தில் எண்ணியே கண்டுபிடிக்கலாம். வரப்பில் நின்று "பாதி போச்சு" என்று சொல்வதும், "கொஞ்சம்தான்" என்று சொல்வதும் கணக்கில் சேராது.

எண்ணுவது இப்படி. அந்த மிஷின் ஒரு ஓட்டத்தில் நான்கு வரிசை நடும். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், குத்துக்குக் குத்து 18 சென்டிமீட்டர் வைத்திருந்தார்கள். ஒரு வரிசையில் 18 மீட்டர் நீளத்துக்குக் கயிறு பிடித்தால் அதில் நூறு குத்து இருக்க வேண்டும். நாற்று இல்லாத இடத்தையும், வேர் பிடிக்காமல் மிதக்கும் குத்தையும் விட்டுப்போனதாக எண்ண வேண்டும். நட்ட அன்றே எண்ணக்கூடாது. மிதக்கப்போகும் நாற்றும் அன்றைக்கு நின்றுகொண்டிருக்கும். மூன்றாம் நாள்தான் உண்மை தெரியும். மிஷின்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணுவது முக்கியம். பிறகு எண்ணிக்கையில் சண்டை வராது.

கடைசி ஏக்கரில் அடுத்தடுத்த நான்கு வரிசையை எண்ணியபோது முதல் வரிசையில் 4, இரண்டாவதில் 5, மூன்றாவதில் 31, நான்காவதில் 3 இடம் காலி. நூற்றுக்கு நாலைந்து காலியாவது மிஷின் நடவில் வழக்கம்தான், பக்கத்துக் குத்துகள் தூர் கட்டி அதை மூடிவிடும். 31 அப்படியல்ல.

யாரால் என்பதற்கும் அந்த வயலே பதில் சொன்னது. வரப்போரத்திலிருந்து வரிசைகளை எண்ணிக்கொண்டு போனால் 3, 6, 11, 14 என்று காலி வரிசைகள் வந்தன. மிஷின் போகும்போது இடமிருந்து மூன்றாவதாக இருக்கும் வரிசை, திரும்பி வரும்போது மறுபக்கம் மாறிவிடும். ஆகவே மூன்று வரிசை, ஐந்து வரிசை என்று மாறி மாறி இடைவெளி விழுந்தால் மிஷினின் ஒரே ஒரு கைதான் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பாயிலிருந்து நாற்றைப் பிய்த்தெடுக்கும் நடவு விரல் தேய்ந்தாலோ, கல்லில் பட்டு வளைந்தாலோ இப்படி ஆகும். முதல் இரண்டு ஏக்கரும் சரியாக இருந்ததால், இடையில் எங்கோ விரல் அடிபட்டிருக்கிறது. ஓட்டுநர் இறங்கித் திரும்பிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

எல்லா இடைவெளியும் மிஷினால் வருவதில்லை. நான்கு வரிசையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக, திட்டுத் திட்டாகக் காலி இருந்தால் நாற்றுப் பாயைப் பார்க்க வேண்டும். தட்டில் விதை சீராக விழாமல் சொட்டை இருந்தால், விரல் வந்து எடுக்கும் இடத்தில் மண் மட்டும்தான் இருக்கும். மீதிப் பாயைத் தூக்கிப் பார்த்தாலே அது தெரியும். நாற்றை விவசாயியே வளர்த்திருந்தால் அதற்கு மிஷின்காரரிடம் பணம் கேட்பது நியாயமில்லை. பள்ளமான மூலையில் மட்டும் நாற்று மிதந்தால் சேடை அடித்து மண் படிய விடாமல் இறக்கியிருக்கிறார்கள், அல்லது தண்ணீரை வடிக்கவில்லை என்று பொருள். அதில் இருவருக்கும் பங்கு உண்டு. வயலைத் தயார் செய்தவர் விவசாயி. கால் புதைவதையும் தண்ணீர் நிற்பதையும் பார்த்த பிறகும் மிஷினை இறக்கியவர் ஓட்டுநர்.

இங்கே தவறு மிஷினுடையது என்று மிஷின்காரரே ஒப்புக்கொண்டார். இனி கேள்வி, எதை வாங்குவது?

ஏக்கருக்கு அந்த இடைவெளியில் ஏறத்தாழ 75,000 குத்து. அதில் நான்கில் ஒரு பங்கான மூன்றாம் வரிசையில் மட்டும் 18,700. நூற்றுக்கு 31 காலி என்றால் சுமார் 5,800 இடம். மறுநடவு என்றதும் மிஷினை மறுபடி இறக்குவது என்று நினைக்கக்கூடாது. நட்ட வயலில் மிஷின் ஓடினால் நிற்கிற நாற்றையும் மிதித்துவிடும். இங்கே மறுநடவு என்பது கையால் பாடுவாசி நிரப்புவதுதான். இந்த 5,800 இடத்தையும் நிரப்ப மூன்று பேருக்கு ஒரு நாள் வேலை. ஆளுக்கு 400 ரூபாய் கூலி என்றால் 1,200. அதனால்தான் 500 ரூபாய்த் தள்ளுபடி போதாது. அந்தப் பணத்தில் பாதி வேலைகூட நடக்காது. தள்ளுபடியை வாடகையில் பத்து சதவீதம் என்று கணக்குப் போடுவது மிஷின்காரருக்குத்தான் வசதி. வேலையைச் சரிசெய்ய ஆகும் செலவிலிருந்துதான் தள்ளுபடி தொடங்க வேண்டும்.

அப்படியானால் 1,200 ரூபாய் குறைத்துக்கொண்டு தாமே ஆள் விடலாமே? ஆள் கைவசம் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் நடவுக் காலத்தில் மூன்று ஆள் தேடுவதே பெரும்பாடு. ஆள் கிடைக்காமல் பத்து நாள் தாண்டிவிட்டால் கையில் உள்ள 1,200 ரூபாய்க்கு வயலில் மதிப்பில்லை. நடவு முடிந்து ஏழு முதல் பத்து நாளுக்குள் நிரப்பிய குத்துதான் மற்றவற்றோடு சேர்ந்து வரும். குறுவை மாதிரிக் குறுகிய காலப் பயிரில் தூர் கட்டும் நாளே குறைவு. பிந்தி நட்டது பிந்திக் கதிர் விடும், அறுவடையில் பச்சை நெல்லாகக் கலந்து நிற்கும். ஆகவே முதல் வாரத்தில் தவறு தெரிந்துவிட்டால், மிஷின்காரர் பொறுப்பில் ஆள் விட்டு நிரப்பித் தருவதே மூன்றிலும் லாபமான வழி.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மிஷின்காரர் வேறு எவர் வயலிலோ மிஞ்சிய நாற்றைக் கொண்டுவந்து சொருகிவிட்டுப் போகலாம். வேறு ரகமாக இருந்தால் முதிரும் நாள் வேறுபடும். விதைக்கு எடுக்க நினைத்தவருக்கு அந்த வயலே வீண். அதே ரகம், அதே வயது நாற்றுதான் வேண்டும். இதற்காகவே நடவு முடிந்ததும் ஏக்கருக்கு ஐந்தாறு பாயைத் தூக்கி எறியாமல், வயல் மூலையில் ஈரத்தில் வைத்திருப்பது நல்லது. ஒரு பாயில் ஆயிரக்கணக்கில் நாற்று இருக்கிறது. குத்துக்கு இரண்டு மூன்று வைத்தாலும் இந்த வயலுக்கு அது போதும். நிரப்பும் வேலை கோனோவீடர் ஓட்டுவதற்கு முன்பே முடிய வேண்டும்.

தவறு பதினைந்தாம் நாளுக்கு மேல் தெரிந்திருந்தால் கதை வேறு. மறுநடவு பயன் தராது, தள்ளுபடிதான் மிச்சம். அப்போது கூலிக் கணக்கு பொருந்தாது, குறையப்போகும் நெல்லைக் கணக்கிட வேண்டும். ஏக்கருக்கு 24 குவிண்டால் எதிர்பார்க்கும் வயலில் 75,000-க்கு 5,800 காலி என்றால் நேர்க்கணக்கில் 185 கிலோ. ஆனால் பக்கத்துக் குத்துகள் கொஞ்சம் ஈடுகட்டும், எவ்வளவு என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. பாதிக்கு ஒத்துக்கொண்டு 90 கிலோ நெல்லின் விலையைக் கழிப்பது இருவருக்கும் பொதுவான பேச்சு.

மாமா கேட்ட முழுப் பணம் வாபஸ், பயிரை அழித்துவிட்டு மறுபடி சேடை அடிக்கிற நிலைக்குத்தான் பொருந்தும். எல்லா வரிசையிலும் மூன்றில் ஒரு பங்கு காலி, அல்லது மிஷின்காரரே வளர்த்துக் கொடுத்த நாற்று அழுகி நின்றது என்றால் கேட்கலாம். அப்போதும் 5,000 ரூபாய் வாங்கினால் கணக்கு தீராது. உழவு, சேடை, விதை, புதிய நாற்றுக்குக் காத்திருக்கும் பதினைந்து நாள் எல்லாம் விவசாயியின் தலையில்தான் விழும். ஆகவே வாடகையோடு உழவுக் கூலியையும் விதைச் செலவையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பேச்சில் முடியாவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிழைப்புக்காகச் சொந்தமாகப் பயிர் செய்பவரும் நுகர்வோரே. விதை நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் விவசாயிகளை அப்படி ஏற்றிருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற உதவி எண்ணிலும் சொல்லலாம். ஆணையம் குறையைச் சரிசெய்யவும், பணத்தைத் திருப்பவும், நஷ்டஈடு தரவும் உத்தரவிட முடியும். ஆனால் அதன் நாட்கணக்கு வேறு, நாற்றின் நாட்கணக்கு வேறு. முதலில் வயலை நிரப்பிக்கொண்டு, கயிறு பிடித்த படத்தையும் பணம் அனுப்பிய ரசீதையும் பத்திரப்படுத்திவிட்டுத்தான் புகாருக்குப் போக வேண்டும்.

இந்த வயலில் அதுவரை போகவில்லை. மிஷின்காரரிடம் 8,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு, "நெரப்பிக் கொடுங்க தம்பி, மீதி ஆயிரத்தைந்நூறும் திரும்ப எண்ணிப் பாத்துட்டு வாங்கிக்கங்க" என்றார் விவசாயி. ஆறாம் நாள் மூன்று பெண்கள் வந்து, மூலையில் வைத்திருந்த பாய்களைப் பிரித்து நிரப்பினார்கள். ஒன்பதாம் நாள் அதே இடத்தில் மறுபடி கயிறு பிடித்தார்கள். மூன்றாம் வரிசையில் காலி நான்கு. மீதிப் பணம் அங்கேயே கைமாறியது.