எர்த் குழிக்கு எத்தனை ஓம்?

கிரைண்டர் மோட்டாருக்குள் ஃபேஸ் ஒயரின் உறை தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு இரும்பு உடலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டர் எப்போதும்போல் ஓடும், மாவும் அரைபடும். ஆனால் அதன் உடலில் இப்போது 230 வோல்ட் ஏறி நிற்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் அதைத் தொட்டால், மின்சாரம் அவர் உடல் வழியாகத்தான் தரைக்கு இறங்கும்.

அதற்கு வேறு வழி காட்டத்தான் மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னும் பச்சை ஒயரும் இருக்கின்றன. கிரைண்டரின் உடலைத் தோட்டத்தில் புதைத்த எர்த் குழாயோடு அவை இணைக்கின்றன. மண்ணுக்குள் போன மின்சாரம் அங்கேயே மறைந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மண்ணின் ஊடாகவே நடந்து, தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் குழி வழியாக மேலேறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. அந்தப் பயணத்தில் மண் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதே மின்தடை. அதை ஓம் என்ற அலகில் அளக்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். நம் குழியின் தடை 18 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 2 ஓம், மொத்தம் 20. 230 வோல்ட்டை 20 ஓமால் வகுத்தால் 11.5 ஆம்பியர். கிரைண்டர் லைனில் இருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது வழக்கமான சுமை, அதனால் விழாது. கிரைண்டர் உடலில் 207 வோல்ட் அப்படியே நிற்கும். கூடவே, மண்ணைச் சூடாக்கியே ஒரு நாளைக்கு 63 யூனிட் கரையும். வழக்கமான 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழ 160 ஆம்பியர் வரை தேவைப்படலாம். அதற்கு மொத்தத் தடை ஒன்றரை ஓமுக்கும் கீழே இருக்க வேண்டும். வீட்டுக் குழியில் அது அபூர்வம்.

இங்கேதான் ஆர்.சி.சி.பி. கைகொடுக்கிறது. ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பியதா என்று ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி இது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். நம் 11.5 ஆம்பியர் கசிவு அதைப்போல் ஏறக்குறைய 380 மடங்கு, எனவே கண்ணிமைப்பதற்குள் மின்சாரம் நின்றுவிடும். எர்த் குழி இல்லாவிட்டால் கசிவுக்கு வழியே இருக்காது. யாராவது தொட்டு, அவர் உடலில் மின்சாரம் பாய்ந்த பிறகுதான் அது விழும்.

குழியின் தடை எங்கே ஒளிந்திருக்கிறது? குழாயைச் சுற்றியுள்ள மண்ணை வெங்காயத் தோல்கள்போல் அடுக்கடுக்காக எண்ணிப் பாருங்கள். உள்தோல் சிறியது, அதில் மின்சாரம் நெருக்கியடித்துச் செல்கிறது. வெளியே போகப் போகத் தோல் விரிந்து, தடை குறைகிறது. ஆகவே குழாயை ஒட்டிய சில மீட்டர் மண்ணில்தான் பெரும்பங்கு தடை இருக்கிறது. கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது அந்த உள்தோல்களைத் திருத்தத்தான். ஆனால் உப்பு மழையில் கரைந்துவிடும், குழாயையும் அரிக்கும். 2.5 மீட்டர் குழாயின் பருமனை இரட்டிப்பாக்கினால் தடை எட்டில் ஒரு பங்குதான் குறையும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் கிட்டத்தட்டப் பாதியாகும்.

அளப்பதற்கு முதலில் மெயினை அணைத்து, வீட்டு எர்த் ஒயரைக் குழாயிலிருந்து கழற்ற வேண்டும். பிறகு நேர்கோட்டில் இரண்டு இரும்பு முளைகளை அடிப்பார்கள், ஒன்றை 30 மீட்டரிலும் மற்றொன்றை அதில் 62 சதவீதமான 18.6 மீட்டரிலும். எர்த் டெஸ்டர் குழாய்க்கும் கடைசி முளைக்கும் இடையே மின்சாரம் செலுத்தும். குழாய்க்கும் நடு முளைக்கும் இடையே வோல்ட்டைப் படிக்கும். 10 மில்லி ஆம்பியருக்கு 0.18 வோல்ட் வந்தால் தடை 18 ஓம். மண்ணில் ஏற்கெனவே திரியும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு குழம்பிவிடாதிருக்க, டெஸ்டர் வேறு அதிர்வெண்ணைப் பயன்படுத்தும்.

அந்த எண்ணை எப்படி நம்புவது? நடு முளையை மூன்று மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி படிக்க வேண்டும். 17.5, 18, 18.4 என்று ஒட்டி வந்தால் சரி. 12, 18, 27 என்று தாவினால், கடைசி முளையின் தோல்கள் குழாயின் தோல்களோடு மோதுகின்றன என்று பொருள். அந்த முளையை இன்னும் தள்ளி அடிக்க வேண்டும்.

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே குண்டு பல்பை எரியவிட்டு “எர்த் நல்லா இருக்கு” என்று சொல்வது சோதனையாகாது. 100 வாட் பல்பின் தடையே 500 ஓமுக்கு மேல், அதனால் குழி 50 ஓம் இருந்தாலும் பல்பு பளிச்சென்றுதான் எரியும்.

மண் காய்ந்து தடை உச்சத்தில் இருக்கும் கோடை முடிவில் குழியை அளக்கச் சொல்லுங்கள், வந்த எண்ணை மெயின் போர்டில் எழுதி வையுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தான் அந்தக் கருவியை மட்டுமே சோதிக்கிறது. குழியின் நிலையை அது சொல்லாது.